40 நிமிடம் எங்கே போனது?

மாணவர்களே, பேராக்கில் ஒரு காலத்தில் தோட்டங்களில் சேகரித்த ரப்பர் பால் பெரும்பாலும் ஷீட்டாக உலர்ந்தது. இன்று ரப்பர் பாலில் மருத்துவக் கையுறைகளும் செய்யப்படுகின்றன. நான் ஈப்போவுக்கு அருகே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறியியலாளர். இயந்திரம் நிற்கும் நேரத்தைக் குறைப்பது என் வேலைகளில் ஒன்று.

கை வடிவிலான பீங்கான் அச்சுகள் சங்கிலியில் ஓடி, ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழும். பிறகு அடுப்பில் வெந்து, கையுறையாகக் கழலும். எங்கள் வரிசையில் நிமிடத்துக்கு 500 கையுறைகள். பால் கலவையை மாற்றும்போது தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். அதற்கு 120 நிமிடம் ஆனது.

அந்த 120 நிமிடத்தையும் கைப்பேசியில் படம் பிடித்தோம். வடிக்க 20, கழுவ 30, புதுப் பாலை நிரப்பி அடங்கவிட 30. மீதி 40 நிமிடம்? 15 நிமிடம் குழாயையும் ஸ்பேனரையும் தேடினோம். 25 நிமிடம் ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருந்தோம்.

இந்த இரண்டு வேலைக்கும் இயந்திரம் நிற்கத் தேவையில்லை. வரிசை ஓடும்போதே கருவிகளை வண்டியில் அடுக்கினோம். புதுப் பாலை முன்கூட்டியே சோதித்தோம். நிறுத்தம் 80 நிமிடமானது. மிஞ்சிய 40 நிமிடத்தில் 20,000 கையுறைகள்!

இந்த முறையை வகுத்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் ஷிகியோ ஷிங்கோ. 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் அழுத்த இயந்திரத்தின் அச்சை மாற்ற 4 மணி நேரம் ஆனது. அதை முதலில் 90 நிமிடமாகவும், பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தார்கள். நிறுத்தியபின் செய்யவேண்டிய வேலை எது, ஓடும்போதே செய்யக்கூடியது எது என்று பிரிப்பதே அதன் அடிப்படை.

எங்களுக்கு ஆசை கூடியது. நிரப்பும் நேரத்தையும் 15 நிமிடமாகக் குறைத்தோம். ஒரு மணி நேரம் ஓடியபின் தரச் சோதனை. 200 கையுறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 1 லிட்டர் நீர் ஊற்றி, 2 நிமிடம் தொங்கவிட்டார்கள். எங்கள் அளவுகோலில் 7 கையுறை வரை ஒழுகலாம். 8 ஒழுகினால் அந்தத் தொகுதி முழுவதும் நிராகரிப்பு. அன்று ஒழுகியவை 11.

காரணம் காற்றுக் குமிழி. பாலை வேகமாக ஊற்றினால் நுரைக்கும். குமிழி அச்சில் ஒட்டினால் அந்த இடத்தில் பால் படியாது, ஊசித்துளை விழும். அந்தத் துளை வழியே நோயாளியின் இரத்தம் தாதியின் விரலைத் தொடலாம்.

கணக்கைப் பாருங்கள். மிச்சப்படுத்திய 15 நிமிடத்தில் கிடைத்தவை 7,500 கையுறைகள். அந்த ஒரு மணி நேரத்தில் செய்து இழந்தவை 30,000. மறுபடியும் மெதுவாக, தொட்டியின் அடியிலிருந்து நிரப்பினோம். 11 என்ற எண்ணிக்கை 3-க்கு இறங்கியது.

இப்போதும் எங்கள் நிறுத்தம் 80 நிமிடம்தான். தேடலும் காத்திருப்பும் வீண், அவற்றை வெட்டலாம். குமிழி அடங்கும் நேரம் வீண் அல்ல, அதுவும் வேலைதான்.