ரெப்போ குறைந்தும் உங்கள் வீட்டுக்கடன் வட்டி இறங்கவில்லையா? வங்கியிடம் இப்படிக் கேளுங்கள்!

2025-ம் ஆண்டில் மட்டும் ரிசர்வ் வங்கி நான்கு முறை ரெப்போ விகிதத்தைக் குறைத்தது. பிப்ரவரியில் 6.50 சதவிகிதத்திலிருந்து இறங்கத் தொடங்கிய ரெப்போ, டிசம்பரில் 5.25 சதவிகிதத்துக்கு வந்தது. ஆனாலும், 'புதுசா கடன் வாங்குறவங்களுக்குக் கம்மி வட்டி, அஞ்சு வருஷமா ஒழுங்கா கட்டுற எனக்கு அதிக வட்டியா?' என்ற புலம்பலை சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என எந்த ஊரிலும் கேட்கலாம். காரணம், வட்டியின் ஒரு பகுதி மட்டுமே தானாகக் குறையும். மற்றொரு பகுதியைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

வட்டிக்குள் இரண்டு பகுதிகள்

2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கியில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடன்கள், ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டிருக்கும். ரெப்போ குறைந்தால், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் அந்தக் குறைப்பு உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வங்கி சேர்க்கும் தொகைதான் 'ஸ்பிரெட்'. கடன் வாங்கிய நாளில் உங்கள் கிரெடிட் ஸ்கோர், வருமானம், அன்றைய சந்தைப் போட்டி ஆகியவற்றைப் பார்த்து வங்கி அதை நிர்ணயித்திருக்கும். புதியவர்களை ஈர்க்க அதே வங்கி இன்று குறைந்த ஸ்பிரெட்டில் கடன் தரலாம். உங்கள் பழைய ஸ்பிரெட் அப்படியே நிற்கும்.

2019-க்கு முந்தைய கடன் என்றால், அது எம்.சி.எல்.ஆர் அல்லது பேஸ் ரேட் முறையில் இருக்கக்கூடும். ரெப்போ குறைப்பு அதில் தாமதமாகவே தெரியும். அப்படியானால், முதலில் ரெப்போ முறைக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனக் கடன்களுக்கு இந்த ரெப்போ விதி இல்லை. அங்கே 'வட்டி மாற்றம்' கேட்டு, அதற்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு

சிவகிரியில் ஒருவர் 2020-ல் 20 ஆண்டுக் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 20 லட்சம் ரூபாய் பாக்கி, 15 ஆண்டுகள் மீதி. ஸ்பிரெட் 3.75, ரெப்போ 5.25, ஆக வட்டி 9 சதவிகிதம். மாதத் தவணை சுமார் 20,285 ரூபாய். புதிய வாடிக்கையாளருக்கு அதே வங்கி 8 சதவிகிதத்தில் தருகிறது. அவருக்கும் 8 சதவிகிதம் கிடைத்தால் தவணை சுமார் 19,113 ரூபாயாகும். மாதம் 1,172 ரூபாய் வீதம், 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 2.11 லட்சம் மிச்சம். தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டினால், ஏறத்தாழ 19 மாதம் முன்பே கடன் முடியும். மிச்சமோ சுமார் 3.8 லட்சம். அதனால், 'வட்டி குறைந்தாலும் தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

கடிதத்தில் என்ன எழுதுவது?

கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'வட்டியைக் குறைக்கவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. கடன் கணக்கு எண், இப்போதைய வட்டி, ஸ்பிரெட் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். அதே வங்கி புதியவர்களுக்கு அறிவித்திருக்கும் விகிதத்தையும் எழுதுங்கள். ஒரு தவணைகூடத் தவறாத கணக்கு அறிக்கை, இப்போதைய கிரெடிட் ரிப்போர்ட் இரண்டையும் இணையுங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒரு முறை ரிப்போர்ட்டை இலவசமாகப் பெறலாம்.

இந்த ரிப்போர்ட்டுக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்பிரெட்டில் 'கடன் அபாய'த்துக்கான பகுதியை, கடனாளியின் தரத்தில் கணிசமான மாற்றம் இருந்தால்தான் வங்கி மாற்ற முடியும். அப்போது 690 ஆக இருந்த ஸ்கோர் இன்று 790 என்றால், அதுதான் உங்கள் வாதம். மற்ற பகுதிகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் மாற்றலாம் என்றிருந்தது. 2025 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளருக்குச் சாதகமாக என்றால் அதற்கு முன்பும் வங்கி குறைக்கலாம். 'மூன்று வருடம் ஆகவில்லை' என்று கிளையில் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மறுத்தால்?

ஸ்பிரெட்டைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. அதனால் ஒம்பட்ஸ்மேனும் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டார். ஆனால், ரெப்போ குறைப்பை உரிய காலத்தில் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.

ஸ்பிரெட் விஷயத்தில் உங்கள் பிடி வேறு. வீட்டுக்காகத் தனிநபர் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி அபராதம் வசூலிக்க முடியாது. எனவே, வேறு வங்கியில் மாற்றுக் கடனுக்கான அனுமதிக் கடிதம் வாங்கிக் காட்டினால், 'இருங்க, மேலிடத்தில் கேட்கிறோம்' என்று பேச்சு மாறலாம்.

உண்மையாகவே மாறுவதாக இருந்தால் செலவைக் கூட்டிப் பாருங்கள். புதிய வங்கியின் செயலாக்கக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, பத்திர அடமானப் பதிவுக்கான முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பழைய அடமானத்தை ரத்து செய்யும் செலவு என எல்லாம் சேரும். மேலே சொன்ன கணக்கில் மொத்தச் செலவு 30,000 ரூபாய் ஆனால், மாதம் 1,172 ரூபாய் மிச்சத்தில் அதை மீட்க ஏறத்தாழ 26 மாதம் பிடிக்கும். 15 ஆண்டு மீதியிருப்பவருக்கு இது லாபம். மூன்று ஆண்டில் கடன் முடியப்போகிறவருக்குப் பாக்கித் தொகையும் குறைவு, மீட்கும் காலமும் குறைவு. அவர் சொந்த வங்கியிடமே கேட்டு, கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதான் சரி.