கட்டடத்தைத் தூக்கும் நீர்: நிலத்தடித் தளங்களுக்குப் போடவேண்டிய கணக்கு

டோக்கியோவின் உயெனோ ரயில் நிலையத்தில், தரைக்குக் கீழே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் புல்லட் ரயில்கள் வந்து நிற்கின்றன. 1985-இல் திறக்கப்பட்ட அந்த நிலத்தடி நிலையத்துக்குள் முப்பதாயிரம் டன்னுக்கும் அதிகமான இரும்பைப் பின்னாளில் கொண்டுவந்து அடுக்கினார்கள். நிலையம் மேலே எழும்பிவிடாமல் அழுத்திப் பிடிப்பது மட்டுமே அந்த இரும்பின் வேலை.

டோக்கியோவில் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நகரம் தாழ்ந்தது. அரசு கட்டுப்பாடு விதித்தது. உறிஞ்சுவது குறைந்ததும் நீர்மட்டம் மெல்ல ஏறத் தொடங்கியது. நீர் ஆழத்தில் கிடந்த காலத்தில் திட்டமிட்ட நிலையங்களின் அடித்தளத்தை அது மேல்நோக்கி அழுத்தியது. முதலில் இரும்பு எடை வைத்தார்கள். மட்டம் இன்னும் ஏறவே, நிலையத்தின் அடித்தளத்தைக் கீழே உள்ள உறுதியான மண்ணோடு நங்கூரக் கம்பிகளால் பிணைத்தார்கள். 1972-இல் திறக்கப்பட்ட டோக்கியோ நிலையத்தின் நிலத்தடிப் பகுதிக்கும் நங்கூரம் தேவைப்பட்டது.

இரண்டு தளம் ஆழத்துக்குத் தோண்டி வாகன நிறுத்தம் கட்டும் நம் ஊர் அடுக்ககங்களுக்கும் இதே கணக்கு உண்டு. வெறும் குடத்தைக் கிணற்று நீருக்குள் அமுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த விசை கைக்குத் தெரியும். நீர் புகாதபடி கட்டிய நிலத்தடித் தளத்தின் மேலும் அதே விசை செயல்படுகிறது. அதன் அளவு கட்டடம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல. அடித்தளத்தின் அடிப்பரப்பு நீர்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதே பேச்சு. ஒரு மீட்டர் நீர் உயரத்துக்கு, ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும்.

சென்னையின் தாழ்வான பகுதி ஒன்றில் ஒரு அடுக்ககம் வருவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உயரமான குடியிருப்பு. அதைச் சுற்றி, மேலே மாடிகள் இல்லாத திறந்தவெளி. அங்கே புல்தரையும் குழந்தைகள் விளையாடும் இடமும். இரண்டுக்கும் அடியில் ஒரே பரப்பாக இரண்டு நிலத்தடித் தளங்கள். கீழே ‘ராஃப்ட்’ எனப்படும் ஒரே பலகை அடித்தளம், 60 செ.மீ. தடிமன். அதன் அடிப்பரப்பு தரைமட்டத்திலிருந்து 7.5 மீட்டர் கீழே.

குடியிருப்புக்கு நேர் கீழே கவலை இல்லை. பதினைந்து மாடிகளின் எடை நீரின் தள்ளுவிசையை எளிதில் மிஞ்சிவிடும். சோதிக்கவேண்டியது புல்தரைக்குக் கீழே உள்ள பகுதியை. அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ராஃப்டின் எடை 1.5 டன். நடுவில் உள்ள தளம், மேற்கூரைத் தளம், தூண்கள், சுவர்கள் எல்லாவற்றையும் பரப்பில் பங்கிட்டால் இன்னொரு 2 டன். புல்தரைக்கான மண் 1 டன். ஆக 4.5 டன். நிறுத்தப்போகும் கார்கள், ஆட்கள், பின்னால் வரக்கூடிய தடுப்புச் சுவர்கள் எதையும் இதில் சேர்க்கக் கூடாது. தீபாவளி விடுமுறைக்குக் கார்கள் எல்லாம் ஊருக்குப் போயிருக்கும்போதுதான் மழையும் கொட்டும். நிரந்தரமாக இருக்கும் எடைக்கு மட்டுமே இங்கே மதிப்பு. புல்தரை மண்ணைக்கூட, நாளை நலச்சங்கம் அதை அகற்றிவிட்டுக் கற்கள் பதிக்காது என்று உறுதியிருந்தால்தான் சேர்க்கலாம்.

இனி நீர். மண் பரிசோதனைக்காக மே மாதம் துளையிட்டபோது 5 மீட்டர் ஆழத்தில் நீர் கண்டதாக அறிக்கை சொல்கிறது என்று வையுங்கள். ராஃப்டின் அடிப்பரப்புக்கு மேல் 2.5 மீட்டர் நீர், தள்ளுவிசை 2.5 டன். பொதுவாக எடை, தள்ளுவிசையைப் போல் 1.2 மடங்காவது இருக்கவேண்டும் என்று பொறியாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தேவை 3 டன், இருப்பது 4.5 டன். கணக்கு தேறிவிட்டது.

அதே இடம், டிசம்பர் முதல் வாரம். நீர் தரைமட்டம் வரை வந்துவிட்டது. தள்ளுவிசை 7.5 டன். தேவை 9 டன். இருப்பது அதே 4.5 டன், சரிபாதி பற்றாக்குறை. பாதுகாப்புக் காரணியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நீர்மட்டம் தரைக்கு 3 மீட்டர் கீழே வந்த உடனேயே எடையும் தள்ளுவிசையும் சமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அங்குலமும் அடித்தளத்தைத் தூக்கப் பார்க்கும். கான்கிரீட்டின் தரத்தையும் கம்பியின் அளவையும் பற்றி எவ்வளவோ விவாதிக்கும் நாம், எந்த மாதத்து நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்பதே இல்லை. இந்தச் சோதனையின் முடிவை மாற்றும் முதல் எண் அதுதான்.

‘எங்கள் மனை களிமண், நீர் ஊறாது’ என்று சொல்பவர்கள் உண்டு. அழுத்தத்துக்கு நிறைய நீர் தேவையில்லை. ராஃப்டின் அடியில் மெல்லிய படலமாக நீர் நின்று, வெளியே உள்ள நீரோடு தொடர்பில் இருந்தாலே போதும். மேலும், தோண்டிய குழிக்கும் சுவருக்கும் இடையே பிறகு நிரப்பிய மண் தளர்வானது. மழைநீர் அந்த இடைவெளியில் இறங்கி நிற்கும். சுற்றிலும் களிமண் இருந்தால் அது வடியவும் வழியில்லை. இயற்கையான நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் மனையில்கூட இப்படி ஒரு செயற்கை நீர்மட்டம் உருவாகலாம். வெள்ளம் நிற்கக்கூடிய பகுதியில் தரைமட்டம் வரை நீர் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

சரி, சதுர மீட்டருக்கு 4.5 டன் பற்றாக்குறையை எப்படி ஈடுகட்டுவது? ராஃப்டைத் தடிமனாக்கினால் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும். ஒரு மீட்டர் கான்கிரீட் 2.5 டன் எடை தரும். ஆனால் உள்ளே காருக்கான உயரம் குறையக் கூடாதென்றால், தடிமன் கீழ்நோக்கித்தான் கூடவேண்டும். ஒரு மீட்டர் கீழே போனால் நீரின் உயரமும் ஒரு மீட்டர் கூடும், 1.2 மடங்கு என்ற கணக்கில் அது 1.2 டன்னைத் தின்றுவிடும். மிஞ்சுவது 1.3 டன்தான். 4.5 டன் ஈட்ட ஏறத்தாழ மூன்றரை மீட்டர் கூடுதல் கான்கிரீட் போடவேண்டும். அதற்காக அவ்வளவு ஆழம் கூடுதலாகத் தோண்டவும் வேண்டும். பற்றாக்குறை அரை டன், ஒரு டன் என்றால் எடை சேர்ப்பது எளிய வழி. இங்கே அது கட்டுப்படியாகாது.

ராஃப்டைச் சுவருக்கு வெளியே நீட்டி, அதன் மேல் நிற்கும் மண்ணின் எடையைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. நகரத்து மனையில் எல்லைவரை கட்டிவிடுவதால் நீட்ட இடமிருக்காது. இருந்தாலும் அது ஓரங்களுக்குத்தான் உதவும். அடியில் நீரை இடைவிடாமல் பம்ப் வைத்து வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு. புயல் இரவில் மின்சாரம் போகும்போது கட்டடத்தின் நிலை ஒரு டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

மிஞ்சுவது, கீழே இழுத்துப் பிடிக்கும் பைல் அல்லது நங்கூரம். தூண்கள் எட்டு மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், ஒரு கட்டத்தின் பரப்பு 64 சதுர மீட்டர். பிடித்துவைக்கவேண்டிய விசை 288 டன். 60 செ.மீ. விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பைல், நடுத்தரமான மண்ணில் பக்க உராய்வாலும் தன் எடையாலும் சுமார் 60 டன் இழுவிசையைப் பாதுகாப்பாகத் தாங்கும் என்று கொண்டால், கட்டத்துக்கு ஐந்து பைல்கள். இந்த 60 டன்னைக் காகிதத்தில் மட்டும் நம்பக் கூடாது. பைலை மேல்நோக்கி இழுத்துச் சோதிக்கும் முறையை ஐ.எஸ். 2911 சொல்கிறது. 12 மி.மீ. மேலெழும்போது இருந்த விசையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாதுகாப்பான அளவாக எடுக்கக் கூடாது. அதற்கு முன்பே பைல் நழுவத் தொடங்கினால், நழுவிய விசையில் பாதிதான் கணக்கு.

பைல் தனியாகப் பிடுங்கிக்கொண்டு வராவிட்டாலும், எல்லாப் பைல்களும் சேர்ந்து இடையில் உள்ள மண்ணோடு ஒரே கட்டியாக எழும்ப முடியும். நீருக்குள் இருக்கும் மண்ணின் எடை கன மீட்டருக்கு 0.9 டன் அளவே. 288 டன்னுக்கு, 64 சதுர மீட்டர் பரப்பில் குறைந்தது 5 மீட்டர் ஆழத்து மண்ணாவது பிடிபடவேண்டும். நான்கு மீட்டர் நீளமுள்ள குட்டை நங்கூரங்களை எத்தனை நெருக்கமாக அடித்தாலும் இந்தச் சோதனை தேறாது. நம் 15 மீட்டர் பைலுக்கு இது பிரச்சினையே இல்லை.

ராஃப்டும் இப்போது தலைகீழாக வேலை செய்கிறது. மாடித் தளம் இரண்டு தூண்களுக்கு நடுவே கீழே தொய்யும். ராஃப்ட் நடுவே மேலே புடைக்கும். எனவே நடுப்பகுதியில் கம்பி மேற்பரப்பில் வேண்டும். பைல் தலை ராஃப்டைத் துளைத்துக்கொண்டு வராதபடி அந்த இடங்களில் தனிக் கம்பிகள் வேண்டும். கட்டத்தின் நடுவே விரிசல் விட்டு நீர் கசிவது, தரை ஓடுகள் கூடாரம்போல் எழும்புவது, குடியிருப்புப் பகுதியும் புல்தரைப் பகுதியும் சேரும் கோட்டில் நீளமான விரிசல் தெரிவது ஆகியவை தள்ளுவிசையின் முதல் அடையாளங்கள். நீர்கசிவு அடைக்கும் ரசாயனத்தை ஊசியாகச் செலுத்துவதற்கு முன், தரையின் மட்டத்தை அளந்து பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் சில மில்லிமீட்டர் ஏறி, கோடையில் இறங்கினால் காரணம் கசிவு மட்டுமல்ல.

பைல் போடாமல் எடையையே நம்பும் கட்டடங்களுக்கு ஆபத்தான காலம் கட்டுமானத்தின்போதே வருகிறது. ராஃப்ட் மட்டும் போட்ட நிலையில் இருக்கும் எடை 1.5 டன். அதன் அடிப்பரப்புக்கு மேல் 1.25 மீட்டருக்கு மேல் நீர் ஏறவிடக் கூடாது. தளங்கள் ஏற ஏற இந்த அளவு கூடும். எந்த நிலையில் பம்பை நிறுத்தலாம் என்பதை வரைபடத்திலேயே எழுதி, குழியோரம் நீர்மட்டம் பார்க்கும் குழாய் ஒன்றைப் புதைத்துத் தினமும் அளக்கவேண்டும். ஜெர்மனியின் பான் நகரில் நாடாளுமன்ற அலுவலகங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த ஷூர்மன் கட்டடம், 1993 டிசம்பரில் ரைன் நதி வெள்ளம் அதன் நிலத்தடிப் பகுதியைச் சூழ்ந்தபோது மேலெழும்பியது. கட்டடம் அப்போது முடிந்திருக்கவில்லை. பழுதைச் சரிசெய்து அது பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

பம்ப் நின்று நீர் ஏறுகிறது, வேறு வழியில்லை என்றால் நிலத்தடித் தளத்துக்குள் நீரை விடுவதே சரியான முடிவு. உள்ளே நிற்கும் நீரும் எடைதான். வெள்ளத்துக்குப் பிறகு நீரை இறைப்பதற்கும் இது பொருந்தும். மேலே பார்த்த அடுக்ககத்தில் பைல்கள் இல்லையென்றால், வெளியே நீர் தரைமட்டத்தில் இருக்கும்வரை உள்ளே 4.5 மீட்டர் நீர் நிற்கவேண்டும், விட்டுப்போன 4.5 டன்னை அதுதான் ஈடுசெய்கிறது. வெளி நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், உள்ளே 1.2 மீட்டர் இறைக்கலாம். காரை மீட்கும் அவசரத்தில் ஒரே இரவில் முழுதும் இறைத்துவிடும் கட்டடங்களில், இறைப்பதற்கு முன் வெளியே ஒரு குழாயில் நீர்மட்டத்தை அளந்து வைத்துக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகாது.