மாதம் ஒரு மெயில், எழுபது பேருக்கு

1978 மே மாதத்தில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், அர்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். தங்கள் புதிய கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்ற அழைப்புதான் அது. அதில் பொய் எதுவும் இல்லை, ஏமாற்று இல்லை. ஆனாலும் பெற்றவர்கள் பலர் கொதித்தார்கள். உலகின் முதல் ஸ்பேம் மெயில் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். எரிச்சலுக்குக் காரணம் ஒன்றுதான்: அந்த 400 பேரில் எவரும் அதைக் கேட்கவில்லை.

தனியாகத் தொழில் செய்பவர்கள் தங்கள் பழைய வாடிக்கையாளர்களோடும், நாளை வாடிக்கையாளராகக் கூடியவர்களோடும் தொடர்பில் இருக்கச் சிறிய செய்திமடல் ஒன்றை மெயிலில் அனுப்பலாம். செலவு மிகக் குறைவு, பலன் நிஜமானது. ஆனால் அந்த 1978 மெயிலுக்கும் இதற்கும் இடையில் இருக்கும் கோடு மெல்லியது. அதை எப்படித் தாண்டாமல் இருப்பது என்பதை ஒரு தொழிலை வைத்தே பார்ப்போம்.

திருச்சியில் பழைய வீடுகளின் ஒழுகலைச் சரிசெய்யும் சிவில் இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேலை வருவது சீசனைப் பொறுத்து. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கியதும் போன் ஓயாது. ஆனால் வாட்டர்ப்ரூஃபிங் வேலையைச் செய்ய வேண்டிய காலம் தளம் காய்ந்திருக்கும் மாதங்கள். போன நவம்பரில் எஸ்டிமேட் கேட்டுவிட்டு, ‘மழை நிற்கட்டும் சார், பார்க்கலாம்’ என்று சொன்னவர் மார்ச்சில் இவர் பெயரையே மறந்திருப்பார். தெரிந்தவர்களை இப்படி இழந்துவிடாமல் இருக்கத்தான் செய்திமடல். முன்பின் தெரியாதவர்களைத் தேடிப் பிடிக்கும் கருவியாக அதை நினைக்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

அவர் கைவசம் இருக்கும் முகவரிகள் நான்கு வகை. வேலை முடித்துக் கொடுத்தவர்கள் 45 பேர். எஸ்டிமேட் மட்டும் வாங்கியவர்கள் 60 பேர். ஹார்டுவேர் கடைக்காரர், பெயின்டிங் கான்ட்ராக்டர், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் என்று தொழில் வழியாகப் பழகியவர்கள் 20 பேர். பிறகு, கட்டுமானக் கண்காட்சி ஒன்றில் திரட்டிய 80 விசிட்டிங் கார்டுகள். கடைசி வகையை அப்படியே விட்டுவிட வேண்டும். கார்டு கொடுத்தவர் தன்னோடு பேசலாம் என்றார், மாதாமாதம் எழுதலாம் என்று சொல்லவில்லை. விலைக்குக் கிடைக்கும் முகவரிப் பட்டியல்களைத் தொடவே கூடாது. ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிப்பதற்கென்றே போடப்பட்ட பொறி முகவரிகள் அவற்றில் கலந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்கு அனுப்பினாலே அனுப்பியவரின் பெயர் கெடும்.

மீதி 125 பேரையும் நேராகப் பட்டியலில் போட்டுவிடாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. இப்படி இருந்தால் போதும்: ‘வணக்கம் சார். போன வருடம் உங்கள் உறையூர் வீட்டுக்கு எஸ்டிமேட் கொடுத்தேன். வீட்டுப் பராமரிப்பு பற்றி மாதம் ஒரு சிறிய மெயில் எழுதலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கும் அனுப்பட்டுமா? வேண்டும் என்றால் சரி என்று மட்டும் பதில் போடுங்கள்.’ பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே பொருள். இரண்டாவது முறை கேட்க வேண்டியதில்லை. 125 பேரில் 70 பேர் சரி என்றால் அதுவே நல்ல தொடக்கம்.

பட்டியல் இவ்வளவு சிறியதாக இருந்தும் ஏன் இத்தனை கவனம்? ஒரு கணக்கைப் பார்த்தால் புரியும். தன் பயனர்களுக்கு ஒரே நாளில் 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்பும் பெரிய நிறுவனங்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அவர்கள் மெயில்களில் ஸ்பேம் என்று புகார் ஆகும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று. நம் இன்ஜினியரின் 70 பேரில் ஒரே ஒருவர் எரிச்சலில் Report spam பொத்தானை அழுத்தினாலும் அது 1.4 சதவீதம். அந்த விதி அவர் அளவுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் சிறிய பட்டியலில் ஒருவருடைய கோபம் எவ்வளவு எடை உள்ளது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. எது ஸ்பேம் என்பதைத் தீர்மானிப்பது எழுதுபவரின் நல்லெண்ணம் அல்ல, படிப்பவரின் கட்டைவிரல்.

ஆகவே விலகும் வழி, புகார் செய்யும் வழியைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ‘இனி வேண்டாம் என்றால் இங்கே தட்டுங்கள்’ என்ற இணைப்பு படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். வெளிர் சாம்பலில் பொடியாக அதை ஒளித்து வைப்பவர்கள் தங்களுக்கே குழி தோண்டுகிறார்கள். விலகும் வழி கண்ணில் படாதவர் அடுத்து அழுத்துவது ஸ்பேம் பொத்தானைத்தான். 2023இல் நிறைவேறிய நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும். விலகியவர்களின் முகவரிகளைத் தனியாகக் குறித்து வைப்பதும் முக்கியம். ஆறு மாதம் கழித்துப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, விலகிய ஒருவர் பெயர் தெரியாமல் மறுபடி உள்ளே வந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை.

அனுப்பும் முறைக்கு வருவோம். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேர் வரை அனுப்ப முடியும் என்பதால், எல்லோரையும் Bcc பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கை தவறி அவர்களை To பெட்டியில் போட்டுவிட்டால் 70 பேரின் முகவரியும் 70 பேருக்கும் தெரிந்துவிடும். விலகும் இணைப்பும் அதில் இருக்காது. வாட்ஸ்அப் குழுவிலும் இதே சிக்கல்தான், சேர்த்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். நீளமாக எழுதி, பின்னால் தேடி எடுத்துப் படிக்கும்படி வைப்பதற்கு மெயில்தான் ஏற்றது.

செய்திமடல் அனுப்பித் தரும் சேவைகள் பல இருக்கின்றன. இவ்வளவு சிறிய பட்டியலை இலவசமாகவே ஏற்பவையும் உண்டு. ஆனால் அவற்றின் வழியாக அனுப்பும்போது, அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைப் போடாதீர்கள். ஜிமெயில் முகவரியைத் தாங்கி வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும் கடிதத்தை மெயில் சேவைகள் போலிக் கடிதமாக நினைக்கும். உங்கள் தொழில் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, அதில் ஒரு முகவரி வைத்துக்கொள்வதே சரி. அதன் பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளை டொமைனின் அமைப்புப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். முதலாவது, இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று அறிவிக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு மெயிலிலும் வைக்கப்படும் டிஜிட்டல் முத்திரையைப் பெறுபவரின் சர்வர் சரிபார்க்க உதவுகிறது. இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்று மூன்றாவது சொல்கிறது. எதை எங்கே ஒட்ட வேண்டும் என்பதைச் சேவை நிறுவனமே வரிவரியாகத் தரும். டொமைன் விற்றவரிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

சரியாக அமைந்ததா என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி Show original என்பதைத் தேர்ந்தெடுங்கள். SPF, DKIM, DMARC மூன்றுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். ஒன்றில் FAIL என்றிருந்தாலும் பட்டியலுக்கு அனுப்பாதீர்கள்.

இனி எழுதும் விஷயம். நம் இன்ஜினியரின் செப்டம்பர் மடலுக்குத் தலைப்பு ‘மழைக்கு முன் மொட்டை மாடியில் ஒரு நாள் சோதனை’. தள்ளுபடி என்ற சொல்லோ ஆச்சரியக் குறிகளோ அதில் இல்லை. உள்ளே சொல்வது ஒரே விஷயம்: ‘மழைநீர்க் குழாய் வாய்களில் இருக்கும் இலை, மண்ணை எடுத்துவிடுங்கள். பிறகு அந்த வாய்களைத் துணியால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழே சீலிங்கில் ஈரத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வட்டமிட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள். மர உத்தரம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், பாரம் தாங்காமல் போகலாம்.’ கடைசியில் ஒரே வரி: ‘திட்டு தெரிந்தால், போட்டோவை வைத்து இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்.’

மொத்தம் 200 சொற்கள்கூட இல்லை. இவரிடம் வேலை கொடுக்காதவருக்கும் இது உதவும். யாரிடம் வேலை கொடுத்தாலும் அந்தப் போட்டோ பயன்படும். விற்பனைப் பேச்சு அந்த ஒரு வரியோடு முடிகிறது. ஏப்ரல் மடலில், தளத்தில் விட்டிருக்கும் விரிசலை ஏன் வெயிலிலேயே அடைக்க வேண்டும் என்று எழுதலாம். போன நவம்பரில் எஸ்டிமேட் வாங்கியவர் அதைப் படித்துத் தானாகப் போன் செய்வார் அல்லது செய்யமாட்டார். மடலில் அவரைத் துரத்த வேண்டாம். எழுதச் சரக்கு இல்லாத மாதத்தில் அனுப்பாமலே விடலாம், அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தனி மெயில் போட வேண்டியதில்லை.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். ஆப்பிளின் மெயில் செயலி 2021 முதல் மெயிலில் உள்ள படங்களைப் படிப்பவர் திறக்கும் முன்பே இறக்கிவைத்துவிடுகிறது. அதனால் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்காகிறது. கவனிக்க வேண்டியது வரும் பதில்களை. 70 பேருக்கு எழுதி மூன்று பேர் போட்டோவோடு பதில் போட்டால் அந்த மடல் வேலை செய்கிறது. முகவரியே இல்லை என்று திரும்பிவரும் மெயில்களை அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள். தொடர்ந்து பல மாதம் ஒரு பதிலும் இல்லை, விலகுபவர்கள் மட்டும் கூடுகிறார்கள் என்றால் விஷயம் உங்களைப் பற்றியதாக மாறியிருக்கிறதா என்று முந்தைய மடல்களைத் திரும்பப் படியுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை, மௌனமாகவே இருப்பவர்களிடம் ‘இன்னும் அனுப்பட்டுமா?’ என்று கேளுங்கள். பதில் தராதவர்களை எடுத்துவிடுங்கள். பட்டியல் 70இலிருந்து 50 ஆகக் குறைந்தால் பதற வேண்டாம். விரும்பிப் படிக்கும் 50 பேர் ஒரு தனி ஆள் தொழிலுக்குத் தாராளமாகப் போதும்.