எண்களின் ஆடுகளம் – 17: 16.4-உம் 51.2-உம் சேர்ந்தால் 68

போன வாரம், ‘நாட் அவுட்’ ஒரு பேட்ஸ்மேனின் சராசரியை எப்படி ஏற்றிவிடுகிறது என்று பார்த்தோம். இந்த வாரம் பந்துவீச்சாளர் பக்கம் போவோம். கையில் இருப்பது ஒரு புகைப்படம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் ஒரு பழைய கிரிக்கெட் புத்தகம். வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லை. ஸ்கோர் கார்டு உள்ள பக்கத்தை போனில் படமெடுத்து வந்துவிட்டீர்கள். படத்திலிருந்து ஒருவரின் எகானமி ரேட்டையும் பந்துவீச்சுச் சராசரியையும் கணக்கிட வேண்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் பக்கம், 1956 ஜூலை கடைசியில் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த இங்கிலாந்து–ஆஸ்திரேலியா டெஸ்ட். ஆஃப் ஸ்பின்னர் ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்த ஆட்டம். ஒரே டெஸ்டில் அத்தனை விக்கெட்டை அதற்கு முன்பும் யாரும் எடுத்ததில்லை, பின்பும் எடுத்ததில்லை. முதல் இன்னிங்ஸில் லேக்கரின் கணக்கு 16.4–4–37–9. இரண்டாவதில் 51.2–23–53–10. வரிசை எப்போதும் போல ஓவர், மெய்டன், ரன், விக்கெட்.

கணக்குப் போடுவதற்கு முன், படத்தில் படித்த எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தின் நடு மடிப்பை ஒட்டி வரிகள் வளையும். பெயருக்கு நேராகக் கண்ணை ஓட்டினால் பக்கத்து வரியில் போய் நிற்கும். மங்கலான அச்சில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். லேக்கரின் இரண்டாவது இன்னிங்ஸ் ரன் 53-ஆ, 58-ஆ என்று உங்கள் படத்தில் தெரியவில்லை என்றால், உற்றுப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பதில் அதே பக்கத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியா அந்த இன்னிங்ஸில் எடுத்த மொத்தம் 205. உதிரி ரன்கள் 16. அதில் பை 12, லெக் பை 4. இவை இரண்டும் பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது. 205-இல் 16 போனால் 189. மற்ற நால்வரின் ரன்களைக் கூட்டுங்கள்: ஸ்டேதம் 15, பெய்லி 31, லாக் 69, ஓக்மன் 21. மொத்தம் 136. 189-இல் 136 போனால் 53. ஆக அது 8 அல்ல, 3.

இதில் ஒரு கவனம் வேண்டும். இன்றைய கார்டுகளில் வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் தலையில்தான் விழும். ஆகவே மொத்தத்திலிருந்து பை, லெக் பை, அபூர்வமாக வரும் பெனால்டி ரன் ஆகியவற்றை மட்டும் கழிக்க வேண்டும். இந்த வழக்கம் 1980-களில்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு என்றால் உதிரி ரன்கள் முழுவதையும் கழித்தால்தான் கணக்கு நேராகும். பழைய கார்டில் நான்கைந்து ரன் இடித்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நோ பாலைத்தான்.

கூட்டல் சரியாக வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. ஸ்டேதமின் 15-ஐயும் பெய்லியின் 31-ஐயும் வரி மாற்றிப் படித்தால் கூட்டுத்தொகை மாறாது. அங்கே மெய்டன் உதவும். ஸ்டேதம் 16 ஓவரில் 10 மெய்டன் வீசியிருக்கிறார். மிச்சம் 6 ஓவர். அந்த ஆறில் 31 ரன் போயிருக்குமா? நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாதுதான். ஆனால் மற்றவர்கள் ரன்னே கொடுக்காத ஆட்டத்தில் ஓவருக்கு 5 என்பது இடிக்கிறது. 15 என்றால் பொருந்துகிறது. படத்தை ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி கணக்கு. சராசரி எளிது. கொடுத்த ரன்னை விக்கெட்டால் வகுக்க வேண்டும். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து லேக்கர் கொடுத்தது 90 ரன், எடுத்தது 19 விக்கெட். 90-ஐ 19-ஆல் வகுத்தால் 4.74.

எகானமி ரேட்டில்தான் கால் வழுக்கும். ஓவருக்கு எத்தனை ரன் என்பதுதான் அது. 16.4-ஐயும் 51.2-ஐயும் கால்குலேட்டரில் கூட்டினால் 67.6 என்று காட்டும். ஆறு பந்து ஓவரில் 67.6 என்று ஒன்று கிடையாது; ஆறாவது பந்து விழுந்ததுமே அது 68. புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் அல்ல, பந்து. ஆகவே முதலில் எல்லாவற்றையும் பந்தாக மாற்றிவிட வேண்டும். 16.4 என்பது 96-உம் 4-உம் சேர்ந்து 100 பந்து. 51.2 என்பது 306-உம் 2-உம் சேர்ந்து 308 பந்து. மொத்தம் 408. 90-ஐ 6-ஆல் பெருக்கி 408-ஆல் வகுத்தால் 1.32. லேக்கரின் எகானமி அதுதான்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுபவர்கள் A2-இல் ஓவர், B2-இல் ரன் என்று வைத்துக்கொண்டால் பந்துக்கு முதல் வரி, எகானமிக்கு இரண்டாவது வரி:

```
C2: =INT(A2)*6+ROUND((A2-INT(A2))*10,0)
D2: =B2*6/C2
```

புள்ளியைத் தசமமாக எடுத்துக்கொண்டால் லேக்கர் போல ஐம்பது ஓவர் வீசியவருக்குப் பெரிய சேதம் இல்லை. டி20-இல் வலிக்கும். ஒருவர் 3.5 ஓவரில் 30 ரன் கொடுத்தார் என்றால், 30-ஐ 3.5-ஆல் வகுப்பவருக்கு 8.57 வரும். உண்மையில் அவர் வீசியது 23 பந்து, எகானமி 7.83. ஒரு சின்னப் புள்ளிக்காக நல்ல பந்துவீச்சாளரைச் சுமாரானவராக ஆக்கிவிடுவோம்.

ஆறு பந்து என்பதும் எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் 1978–79 சீசன் வரை எட்டுப் பந்து ஓவர் இருந்தது. அந்த மண்ணில் நடந்த பழைய ஆட்டத்தின் கார்டில் 16.7 என்று கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். பந்துக் கணக்கில் 6-க்குப் பதில் 8 போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு குறுக்கு வழியை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் தனித்தனியாக எகானமி கண்டுபிடித்து, அவற்றைக் கூட்டி இரண்டால் வகுப்பது. லேக்கருக்கு முதல் இன்னிங்ஸில் 2.22, இரண்டாவதில் 1.03. இப்படிச் செய்தால் 1.63 வரும். சரியான விடை 1.32. நூறு பந்துக்கும் முன்னூறு பந்துக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வினை. ரன்களைத் தனியாக, பந்துகளைத் தனியாகக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறைதான் வகுக்க வேண்டும். சராசரிக்கும் இதே விதிதான்.

விக்கெட் எடுக்காதவருக்குச் சராசரி கிடையாது. ஸ்டேதம் அந்த டெஸ்டில் 21 ரன் கொடுத்து விக்கெட் ஏதும் எடுக்கவில்லை. அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். பூஜ்யம் போட்டால் லேக்கரைவிட அவர் சிறந்தவர் என்றாகிவிடும்!

அதே பக்கத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறது. மறுமுனையில் வீசிய டோனி லாக், முதல் இன்னிங்ஸில் 14–3–37–1, இரண்டாவதில் 55–30–69–0. பந்தாக மாற்றினால் 414. லேக்கரைவிட ஓர் ஓவர் கூடுதல். எகானமி 1.54. அதை மட்டும் பார்த்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வீசியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சராசரியையும் போட்டுப் பாருங்கள்: 106 ரன், ஒரே விக்கெட், சராசரி 106. அந்த ஆட்டத்தில் விழுந்த 20 ஆஸ்திரேலிய விக்கெட்டுகளில் லேக்கருக்குப் போகாத ஒன்று லாக்குடையது. ஆட்டமிழந்தவர் தொடக்க ஆட்டக்காரர் ஜிம் பர்க்.