பேசிய தொகை கட்டுப்படியானதா?

மொத்தத் தொகை பேசி முடிக்கும் வேலையில் மணிக்கு இவ்வளவு என்ற பேச்சே வராது. ஆனால் வேலை முடிந்த பிறகு அந்தத் தொகையை உழைத்த மணிகளால் வகுத்துப் பார்த்தால்தான், அது கட்டுப்படியானதா என்பது தெரியும். வீட்டிலிருந்தே இணையதளம் வடிவமைத்துத் தரும் ஒருவரை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு துணிக்கடைக்குத் தளம் அமைக்க அவர் பேசிய தொகை 40,000 ரூபாய். 60 மணி நேரத்தில் முடியும் என்பது அவருடைய மதிப்பீடு.

முதலில், கைக்கு உண்மையில் நின்ற தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த வேலைக்கென்றே வாங்கிய வடிவமைப்பு உரிமம், படங்கள் ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய் செலவு, மீதி 36,000. கடைக்காரர் டிடிஎஸ் பிடித்திருந்தாலும் அதை இங்கே கழிக்கக் கூடாது. அது அவர் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரவாகும்.

அடுத்தது நேரம். பலர் சறுக்குவது இங்கேதான். நேரக்குறிப்பில் தளத்தை உருவாக்கியதற்கு 42 மணி இருக்கிறது. அதோடு நிறுத்தினால் மணிக்கு 850 ரூபாய்க்கு மேல் கிடைத்ததாகத் தோன்றும். போன் பேச்சும் வாட்ஸ்அப் பதில்களும் 9 மணி, துணிகளின் படங்களையும் விலைகளையும் ஏற்றியது 11 மணி, திருத்தங்கள் 13 மணி, கொட்டேஷன் போட்டதும் பாக்கிக்கு அலைந்ததும் 5 மணி. எல்லாம் சேர்ந்தால் 80. 36,000-ஐ 80-ஆல் வகுத்தால் மணிக்கு 450 ரூபாய்.

450 நியாயமா என்பதைப் பக்கத்து ஊர்க்காரர் வாங்கும் கூலியை வைத்துச் சொல்ல முடியாது. இவருக்கு வீட்டுச் செலவு, கணினித் தேய்மானம், மின்சாரம், இணையம், காப்பீடு, வரி எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் தேவை. மாதத்தில் 200 மணி உழைத்தாலும், கூலி தரும் வேலைகளில் செல்வது 120 மணிதான். புது வாடிக்கையாளரைத் தேடுவதும், கைகூடாத வேலைகளுக்குக் கொட்டேஷன் போடுவதும் மற்ற மணிகளைத் தின்றுவிடும். 60,000-ஐ 120-ஆல் வகுத்தால் 500. அதுவே அவருடைய அடிப்படைக் கூலி. கைகூடிய வேலைக்குப் போட்ட கொட்டேஷன் நேரத்தை வேலையின் 80 மணியில் சேர்த்த பிறகு, கூலியில்லாத மணிகளிலும் சேர்த்துவிடக் கூடாது. ஒரே மணி இரண்டு இடத்தில் ஏறிவிடும்.

ஆக மணிக்கு 50 ரூபாய் குறைகிறது. 80 மணிக்கு 4,000 ரூபாய். கட்டுப்படியாக 44,000 கேட்டிருக்க வேண்டும். உடனே அடுத்த வேலைக்கு விலையை ஏற்றத் தோன்றும். ஆனால் மதிப்பீட்டையும் குறிப்பையும் பக்கத்தில் பக்கமாக வைத்தால் வேறு கதை தெரிகிறது. உருவாக்கத்துக்கு 40 மணி போட்டிருந்தார், 42 ஆனது. தொழிலை அவர் சரியாகவே கணித்திருக்கிறார். படம் ஏற்ற 4 மணி போட்ட இடத்தில்தான் 11 ஆகியிருக்கிறது, திருத்தத்துக்கு 8 போட்டது 13 ஆகியிருக்கிறது. கடைக்காரர் படங்களை மொத்தமாகத் தராமல் வாட்ஸ்அப்பில் நான்கைந்தாக அனுப்பியதும், ஒப்புக்கொண்ட முகப்பை மாற்றச் சொன்னதும் காரணம். இதற்கு மருந்து கொட்டேஷனிலேயே இருக்கிறது: இத்தனை பொருள்கள் வரை ஏற்றித் தரப்படும், இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று எழுதுவது. திருத்தத்தைக் குறிக்கும்போதே ‘என் பிழை’, ‘அவர் மனமாற்றம்’ என்று பிரித்து எழுதினால்தான் இப்படிக் கேட்க முடியும். தன் பிழைக்கான மணிகளை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது.

இந்தக் கணக்கு நேரக்குறிப்பை நம்பியிருக்கிறது. வார இறுதியில் நினைவிலிருந்து எழுதிய குறிப்பு ‘1 மணி’, ‘2 மணி’ என்று முழு எண்களாகவே நிற்கும். ஐந்து நிமிட போன்கள் அதில் காணாமல் போயிருக்கும். டைமரை நிறுத்த மறந்த நாளில் சாப்பாட்டுக்குக்கூட இடைவெளி இல்லாமல் ஒன்பது மணி ஓடியிருக்கும். கோப்புகள் சேமிக்கப்பட்ட நேரத்தோடும் போனில் உள்ள அழைப்புப் பட்டியலோடும் ஒப்பிட்டால் இரண்டையும் ஓரளவு சரிசெய்யலாம்.

கடைசித் தவணை வந்த அன்றே கணக்கை மூடுவதும் சரியல்ல. ‘சின்ன வேலைதான்’ என்று பிறகு வரும் அழைப்புகளும் அந்த 40,000-க்குள்தான் அடங்குகின்றன. மூன்று மாதம் கழித்து அந்த மணிகளையும் சேர்த்து இன்னொரு முறை வகுக்க வேண்டும். மேலும் 4 மணி போயிருந்தால், கூலி 450-லிருந்து சுமார் 429-க்கு இறங்கியிருக்கும்.