நாயின் ஒரு கண் மட்டும் சிவந்தால்

ஆறு வயது காக்கர் ஸ்பானியல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் அதன் வலது கண் சிவந்திருக்கிறது. தூசி விழுந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடிந்ததும் கண்ணின் முன்படலம் நீலம் பாய்ந்து மங்கிக் கிடக்கிறது. டார்ச் அடித்தாலும் விரிந்த பாப்பா சுருங்கவில்லை. நாய் சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. தலையைத் தொட்டால் விலகுகிறது.

இது கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். காக்கர் ஸ்பானியல், பாசெட் ஹவுண்ட், சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களில் அந்த வழி பிறவியிலேயே குறுகலாக இருக்கலாம். ஒருநாள் அது அடைபட்டுவிடும், சுரப்போ நிற்காது.

நாயின் கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 25 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நம் நாய்க்கு இடது கண்ணில் 17, வலது கண்ணில் 58. இந்த அழுத்தம் கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை நசுக்குகிறது. விழித்திரைக்கு ரத்தம் போவது குறைகிறது, நரம்பிழைகளுக்குள் நடக்கும் ஊட்டப் போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. செத்த நரம்பணு மீண்டும் முளைப்பதில்லை. அதனால்தான் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். இரண்டு மூன்று நாள் கடந்துவிட்டால், அழுத்தத்தைக் குறைத்தாலும் பார்வை திரும்புவது அரிது.

டோனோமீட்டர் என்ற கையடக்கக் கருவியால் அழுத்தத்தை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். ஒரு வகையில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, முனையைக் கண்ணில் மெல்ல ஒற்றுவார்கள். இன்னொன்றில் சிறு ஊசிமுனை கண்ணைத் தொட்டுத் துள்ளித் திரும்பும். அதற்குச் சொட்டுகூட வேண்டாம். நாயைப் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும். கழுத்துப் பட்டையை இறுக்கினாலோ இமையை அழுத்தி விரித்தாலோ அளவு பொய்யாக ஏறிவிடும். தாடையைத் தாங்கிப் பிடித்து, இமையை எலும்பின் மேல் வைத்து விலக்க வேண்டும். இரண்டு கண்களையும் அளக்கும்படி கேளுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடவே கூடாது. அட்ரோபின் பாப்பாவை விரித்து அடைப்பை மோசமாக்கும். லடனோப்ராஸ்ட் சொட்டு பல நாய்களுக்கு ஓரிரு மணி நேரத்தில் அழுத்தத்தை இறக்கும் என்றாலும், லென்ஸ் இடம் பெயர்ந்து முன்னால் வந்திருந்தால் அதுவே கெடுதல். அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் விடுவார். தேவைப்பட்டால் நரம்பு வழியே மானிட்டால் ஏற்றுவார்.

கண் பெருத்துப் பிதுங்கியிருந்தால் நோய் முற்றிவிட்டது, பார்வை பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். வலி மட்டும் இருக்கும். அப்போது கண்ணை எடுத்துவிடுவது நாய்க்கு நிம்மதி.

நல்ல கண்ணையும் இந்த நோய் விட்டுவைப்பதில்லை. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்து விடாத நாய்களில் பாதிக்கு எட்டு மாதத்துக்குள் மறு கண்ணும் பாதிக்கப்பட்டது. தினமும் தடுப்புச் சொட்டு விட்டவற்றில் அது சுமார் 31 மாதம் தள்ளிப்போனது.