ஓய்வுப் பணத்துக்கு மூன்று வாளிகள்

ரிட்டயரானதும் கைக்கு வரும் பணத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று வாளியாகப் பிரித்து வைக்கலாம், சகோதரிகளே!

கையில் 30 லட்சம். பென்ஷன் போக மாசம் 15,000 ரூபாய் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷத் துண்டான 3,60,000 பாங்கில் இருக்கட்டும். அடுத்த ஏழு வருஷத்துக்கான 12,60,000, தபாலாபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பிலும் அரசாங்கக் கடன் பத்திரத்திலும். மீதி 13,80,000 பங்குச் சந்தை ஃபண்டில். விலைவாசி ஏற்றத்துக்கு ஈடு கொடுக்க இதுதான் கை கொடுக்கும்.

2020 மார்ச்சில் சென்செக்ஸ் 26,000-க்கும் கீழே சரிந்தது. நவம்பரில்தான் பழைய உச்சத்தைத் தாண்டியது. அப்படிப்பட்ட சமயத்தில் மூன்றாவது வாளியைத் தொடாதீர்கள். விற்றால் நஷ்டம் நிலைத்துவிடும். முதல் வாளியில் மொண்டு சமாளியுங்கள். அது வற்றினால் இரண்டாவது இருக்கிறது. சந்தை ஏறிய வருஷத்தில் கொஞ்சம் விற்று, குறைந்த வாளிகளை நிரப்பிவிடுங்கள். நிரப்ப மறந்தால், அடுத்த சரிவில் பங்கைத்தான் விற்கும்படி ஆகும்!